மோசடி முக்கோணத்தை வைத்து எங்கே தேடுவது: புறக்கோட்டைக் கடன் வியாபாரத்தில் ஓர் உள்ளகக் கணக்காய்வு

கொழும்பில் மொத்த வியாபாரம் பெரும்பாலும் கடனில்தான் ஓடுகிறது. பொருளை இறக்கும் நாளிலேயே கடைக்காரர் முப்பது அல்லது அறுபது நாளுக்குப் பிந்திய திகதியிட்டு ஒரு செக்கை எழுதிக் கொடுத்துவிடுவார். விநியோகக் கம்பனியின் அலுவலகத்தில் அந்தச் செக்குகள் ஒரு பெட்டியில் திகதி வாரியாக அடுக்கிக் கிடக்கும். உள்ளகக் கணக்காய்வில் இருப்பவர்கள் நிறைய நேரம் செலவிட வேண்டிய இடங்களில் அந்தப் பெட்டியும் ஒன்று. ஆனால் நம்மில் பலர் சில்லறைக் காசுப் பெட்டியை இரண்டு தடவை எண்ணுகிறோம், செக் பெட்டியை ஒரு தடவையும் திறந்து பார்ப்பதில்லை. எங்கே பார்ப்பது என்பதை மோசடி முக்கோணம் எப்படித் தீர்மானிக்க உதவுகிறது என்பதை இந்த ஒரு பெட்டியை வைத்தே படிப்படியாக விளக்குகிறேன். கீழே வரும் கம்பனி கற்பனையானது, தொகைகளும் அப்படியே. மோசடி நடக்கும் விதம் மட்டும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் நன்கு அறிந்தது.

முக்கோணம் சொல்வது என்ன

அமெரிக்கக் குற்றவியலாளர் டொனல்ட் கிரெஸ்ஸி, நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடிச் சிறைக்குப் போனவர்களை நேரில் பேட்டி கண்டு, தன் முடிவுகளை 1953இல் வெளியிட்டார். அவர்களின் கதைகளில் மூன்று விடயங்கள் சேர்ந்தே வந்தன. யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு பணப் பிரச்சினை இருந்தது. தன் பதவியைப் பயன்படுத்தி அதை இரகசியமாகத் தீர்க்கலாம் என்ற வழி தெரிந்தது. அப்படிச் செய்தாலும் தான் கள்ளன் அல்ல என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஒரு நியாயமும் கிடைத்தது. அழுத்தம், வாய்ப்பு, நியாயப்படுத்தல் என்ற இந்த மூன்றையும் ஒரு முக்கோணமாக வரைந்து பெயரிட்டவர்கள் பிற்காலத்தவர்கள். நிதியறிக்கைக் கணக்காய்வில் மோசடியைப் பற்றிய இலங்கைக் கணக்காய்வு நியமமான SLAuS 240உம் ஆபத்துக் காரணிகளை இந்த மூன்று தலைப்புகளின் கீழேதான் வகைப்படுத்துகிறது.

கிரெஸ்ஸி தேர்ந்தெடுத்த ஆட்கள் யார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல எண்ணத்தோடு வேலைக்குச் சேர்ந்து பிறகு தவறியவர்களை மட்டுமே அவர் எடுத்துக்கொண்டார். திருடுவதற்காகவே சேர்ந்தவன் அவருடைய ஆய்வில் இல்லை. இதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

கணக்காய்வாளருக்கு இந்த மூன்று பக்கங்களும் ஒரே அளவில் கண்ணுக்குத் தெரிவதில்லை. வாய்ப்பு ஆவணத்தில் இருக்கிறது, அளக்கலாம். அழுத்தத்தின் ஒரு பகுதிதான் வெளியே தெரியும், அதுவும் பெரும்பாலும் தவறான ஆளைக் காட்டும். நியாயப்படுத்தல் பேச்சில் மட்டுமே வெளிவரும். அதனால் பாடப்புத்தகத்தில் அழுத்தம் முதலில் வந்தாலும் வேலையில் நான் வாய்ப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் படி: ஒரு செக்கின் பின்னால் நடந்து போங்கள்

நமது கம்பனி பிளாஸ்டிக் வீட்டுப் பாவனைப் பொருட்களை விநியோகிக்கிறது. புறக்கோட்டையிலும் கொழும்பைச் சுற்றிய ஊர்களிலும் கடன் வாங்கும் கடைகள் இருக்கின்றன. ஒரே ஒரு செக்கை எடுத்து, அது கடையை விட்டு வந்ததிலிருந்து வங்கியில் விழும் வரை யார் யார் கையில் இருந்தது என்று எழுதுங்கள். நடைமுறைக் கையேட்டைப் பார்த்து எழுத வேண்டாம். மேசை மேசையாகப் போய், "நேற்று வந்த செக்கை என்ன செய்தீங்கள், காட்டுங்கோ" என்று கேட்டு எழுதுங்கள்.

இங்கே கிடைத்த படம் இது. விற்பனைப் பிரதிநிதி கடையிலிருந்து செக்கை வாங்கி வருகிறார். கடன்படுநர் கணக்கைப் பார்க்கும் எழுதுவினைஞர் அதைப் பதிவேட்டில் எழுதிப் பெட்டியில் வைக்கிறார். திகதி வந்ததும் வைப்புத் துண்டு நிரப்பி வங்கிக்குக் கொண்டுபோவதும் அவர்தான். வரவைக் கடைக்காரரின் பேரேட்டில் பதிவதும் அவர்தான். மாதக் கடைசியில் கடைகளுக்கு நிலுவைக் கூற்று அனுப்புவதும், "செக்கைக் கொஞ்சம் பொறுத்துப் போடுங்கோ" என்று கடைக்காரர் எடுக்கும் தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொல்வதும் அவரே. கணக்காளர் மாதம் ஒருமுறை வங்கி இணக்கக் கூற்றைப் பார்த்துக் கையெழுத்து வைக்கிறார்.

சொத்தைக் கையில் வைத்திருப்பவர், அதைப் பதிபவர், பதிவைச் சரிபார்ப்பவர் என்ற மூன்று வேலைகளும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கின்றன. எத்தனை கையெழுத்துகள் இருக்கின்றன என்பதைவிட, அந்தக் கையெழுத்துப் போடுபவர் எந்த ஆவணத்தைப் பார்த்துப் போடுகிறார் என்பதே முக்கியம். இங்கே கணக்காளர் பார்ப்பது வங்கிக் கூற்றையும் காசேட்டையும் மட்டும். அந்த இரண்டுக்கும் வெளியே நடப்பது அவர் கண்ணில் படாது.

வாய்ப்பு எப்படிப் பணமாகிறது

கடை அ மார்ச் 5ஆம் திகதியிட்டு 180,000 ரூபாவுக்குச் செக் கொடுத்திருக்கிறது. அதற்கு முந்திய நாள் கடைக்காரர் அழைக்கிறார்: "தம்பி, செக்கைப் போடாதீங்க, கணக்கில காசு குறைவு. கைக்காசு இருக்கு, வந்து எடுங்க." புறக்கோட்டையில் இது நாளாந்தம் நடக்கும் நியாயமான வேண்டுகோள். எழுதுவினைஞர் செக்கோடு போகிறார், காசை வாங்குகிறார், செக்கைத் திருப்பிக் கொடுக்கிறார். கடைக்காரர் அந்த இடத்திலேயே அதைக் கிழித்துவிடுகிறார்.

இங்கே கவனிக்க வேண்டியது, கடைக்காரர் பற்றுச்சீட்டுக் கேட்கவில்லை. திரும்பி வந்த செக்கே அவருக்குப் போதுமான அத்தாட்சி. ஆகவே பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் ஓர் இலக்கமும் குறையாது. கணக்காய்வாளர்கள் வழக்கமாகச் செய்யும் பற்றுச்சீட்டுத் தொடரிலக்கச் சோதனை இதில் ஒன்றையும் காட்டித்தராது.

காசு எழுதுவினைஞரின் சட்டைப்பையில். பதிவேட்டில் "15ஆம் திகதி வரை நீடிப்பு" என்று எழுதிவிடுகிறார். மார்ச் 12ஆம் திகதி கடை ஆவின் 240,000 ரூபா செக் வங்கிக்குப் போகிறது. பேரேட்டில் அதை அவர் இரண்டாகப் பிரிக்கிறார்: 180,000 கடை அவின் கணக்குக்கு, மிச்சம் 60,000 கடை ஆவின் கணக்குக்கு. அவின் பாக்கி தீர்ந்தது, பள்ளம் ஆவுக்கு மாறியது. 20ஆம் திகதி கடை இயும் அதே மாதிரிக் காசைக் கொடுத்து, 21ஆம் திகதியிட்ட தன் செக்கை வாங்கிக்கொள்கிறது. தொகை 200,000. அதில் 180,000ஐ வங்கியில் போட்டு ஆவின் கணக்கில் பதிகிறார். 20,000ஐ எடுத்துக்கொள்கிறார். பள்ளம் இப்போது இயிடம், 200,000 ரூபாவாக.

கூட்டிப் பாருங்கள். மூன்று கடைகளும் கொடுத்தது 620,000. வங்கியில் விழுந்தது 420,000. பேரேட்டில் பதிந்ததும் அதே 420,000. வங்கி இணக்கக் கூற்று ஒரு ரூபா பிசகாமல் பொருந்தும். கடன்படுநர் கட்டுப்பாட்டுக் கணக்கும் தனிக்கணக்குகளின் மொத்தமும் பொருந்தும். கணக்காளர் நேர்மையாகப் பார்த்துத்தான் கையெழுத்து வைத்தார். எந்தக் கடையும் முறையிடாது, ஏனென்றால் நிலுவைக் கூற்றுப் போகும் நேரத்தில் பழைய பள்ளம் மூடப்பட்டிருக்கும், புதிய பள்ளம் சில நாட்கள் மட்டுமே பிந்தியதாகத் தெரியும். இந்த உருட்டலைத் தொடர ஒரே நிபந்தனை, அந்த மேசையை வேறொருவர் சில நாட்களுக்குக்கூடத் தொடக்கூடாது என்பதுதான்.

இரண்டாம் படி: அழுத்தத்தைப் பாருங்கள், ஆளைக் குறிக்காதீர்கள்

இதே கம்பனியில் களஞ்சியப் பொறுப்பாளர் ஒருவர் ஒரே காலாண்டில் இரண்டு தடவை சம்பள முற்பணம் கேட்டிருக்கிறார். மனைவிக்குச் சுகமில்லை என்பது அலுவலகம் முழுக்கத் தெரியும். அழுத்தத்திலிருந்து தொடங்கும் கணக்காய்வாளர் நேரே அவரிடம்தான் போவார். ஆனால் அவர் வெளியே சொன்ன பிரச்சினை அது. சொன்னார், உதவி கேட்டார், முற்பணம் கிடைத்தது. கிரெஸ்ஸி கண்ட பிரச்சினையோ சொல்ல முடியாதது: சூதாட்டக் கடன், குடும்பத்துக்குத் தெரியாமல் வட்டிக்கு வாங்கியது, சீட்டுப் பிடித்து அந்தக் காசைத் தொலைத்தது. வெளியே தெரியும் கஷ்டத்தை வைத்து ஆளைச் சந்தேகிப்பது அநியாயம் மட்டுமல்ல, தேடலையும் திசை திருப்பிவிடும். அந்தப் பொறுப்பாளரின் கையில் காசோ செக்கோ வருவதுமில்லை.

ஆகவே அழுத்தத்தைத் தனிமனித அளவில் தேடாமல் பதவி அளவிலும் கால அளவிலும் தேடுங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. நிலையான சம்பளத்தில் இருந்த எல்லோரையும் அது அழுத்தியது. அந்தக் காலத்தில் சம்பளம் கூட்டப்படாத பதவிகள் எவை, அவற்றில் எவை காசைத் தொடுகின்றன என்று மனிதவளப் பிரிவிடம் கேட்கலாம். பெயர்ப் பட்டியல் தேவையில்லை. வசூலுக்குக் கொமிஷன் இருந்தால் அது எந்தத் திகதியில் கணக்கிடப்படுகிறது என்றும் பாருங்கள். மாதக் கடைசி இலக்குத்தான் அழுத்தம் என்றால், அடுத்த மாதம் முதல் வாரத்தில் வங்கியிலிருந்து திரும்பும் செக்குகளில் அதன் தடம் இருக்கும்.

அழுத்தத்தின் பயன் நேரத்தைத் தீர்மானிப்பதில் இருக்கிறது. பாடசாலை அனுமதிக் காலம், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி ஆகியவற்றுக்கு முந்திய வாரங்களில் வீடுகளில் காசு தேவைப்படும். முன்னறிவித்தல் இல்லாத எண்ணிக்கையை நான் அந்த வாரங்களில் வைப்பேன். கணக்காய்வுத் திட்டத்தில் "மூன்றாம் காலாண்டு" என்று அச்சிட்டு எல்லோருக்கும் அனுப்பிவிட்டு நடத்துவது எண்ணிக்கையே அல்ல.

மூன்றாம் படி: நியாயத்தைக் கேட்டுப் பழகுங்கள்

நியாயப்படுத்தலைச் சோதிக்க நேரடிப் பரிசோதனை கிடையாது. அதனால் பலர் இந்தப் பக்கத்தை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள். ஆனால் தடம் இருக்கிறது. காசாளரின் பெட்டியைத் திறந்தால் ஐ.ஓ.யூ. துண்டுகள் கிடக்கும்: இன்னார் 5,000 எடுத்தார், சம்பளத்தன்று தருவார். கிரெஸ்ஸியிடம் பேசியவர்களில் பலர் சொன்ன நியாயமும் இதுவே, "எடுக்கவில்லை, கடனாக வாங்கினேன்". கம்பனிக் காசைச் சொல்லாமல் கடனாக எடுக்கலாம் என்ற பழக்கம் ஓர் அலுவலகத்தில் எழுத்திலேயே இருக்கிறதென்றால், செக் பெட்டியிலும் அது இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். துண்டுகளின் தொகை சிறிதா பெரிதா என்பதைவிட எத்தனை நாள் பழசு, யார் அனுமதித்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடம் மேலிடத்தில் இருக்கிறது. முதலாளியின் மகன் களஞ்சியத்திலிருந்து இன்வொய்ஸ் இல்லாமல் பொருள் எடுத்துப்போகிறார், சில கடைகளுக்குக் கணக்கில் காட்டாமல் விற்பனை நடக்கிறது என்றால், ஊழியர்கள் எல்லோருக்கும் அது தெரியும். "அவையளே கணக்கில காட்டாமத்தான் செய்யினம்" என்ற வசனம் தேநீர் நேரத்தில் தானாக வரும். வசனத்தைச் சொன்னவர் குற்றவாளி என்று இதற்கு அர்த்தம் இல்லை. இந்த அலுவலகத்தில் நியாயம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது என்பதே அர்த்தம். அறிக்கையில் முதலாளிக்குப் பிடிக்காத பகுதியும் இதுதான், எழுதியே ஆக வேண்டிய பகுதியும் இதுதான்.

நான்காம் படி: சோதனைகளைத் தேர்ந்தெடுத்தல்

சில கணக்காய்வுப் பிரிவுகள் மூன்று பக்கங்களுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி போட்டுக் கூட்டுகின்றன. நான் கூட்டுவதில்லை. வாய்ப்பு இல்லாத இடத்தில் அழுத்தமும் நியாயமும் ஐந்து ஐந்தாக இருந்தாலும் அங்கே போய் நாளைச் செலவழிப்பதில் பயனில்லை. கூட்டும்போது அப்படிப்பட்ட இடம் பத்துக்கு மேல் புள்ளி வாங்கி முன்னுக்கு வந்துவிடும். முதலில் வாய்ப்புள்ள இடங்களை மட்டும் பட்டியலிட்டு, அந்தப் பட்டியலுக்குள் வரிசைப்படுத்த மற்ற இரண்டையும் பயன்படுத்துங்கள். நமது கம்பனியில் செக் பெட்டிதான் முதலில் வரும்.

முதல் சோதனை எண்ணிக்கை. மார்ச் 24, காலை வேலை தொடங்கும் நேரம். பெட்டியிலுள்ள ஒவ்வொரு செக்கையும் பதிவேட்டோடு ஒப்பிடுகிறோம், எழுதுவினைஞர் பக்கத்தில் இருக்கத்தான். கடை இயின் 21ஆம் திகதிச் செக் பதிவேட்டில் கையிருப்பாக இருக்கிறது, பெட்டியில் இல்லை. "கடைக்காரர் கேட்டதால திருப்பிக் குடுத்தனான், புதுச் செக் தாறதாச் சொன்னவர்" என்கிறார். பொருத்தமான விளக்கம். மறுக்காமல் எழுதிக்கொண்டு மேலே போங்கள்.

இரண்டாவது சோதனை, செக்கின் திகதிக்கும் பேரேட்டில் பதிந்த திகதிக்கும் இடைப்பட்ட நாட்கள். பதிவேட்டின் செக் திகதியை B நிரலிலும், அந்தக் கடையின் கணக்கில் வரவு பதிந்த திகதியை C நிரலிலும் வைத்து, போயா உட்பட வங்கி விடுமுறைகளை H நிரலில் எழுதுங்கள். ஒரு செக் இரண்டு பதிவாகப் பிரிந்திருந்தால் இரண்டு வரியாகவே வைத்திருங்கள்.

```
=NETWORKDAYS(B2,C2,$H$2:$H$30)-1
```

ஒழுங்கான வரவுகளுக்குப் பூச்சியம் அல்லது ஒன்று வரும். போயாவை விட்டுவிட்டால் நல்ல வரிகளும் பிந்தியவையாகத் தெரிந்து பட்டியல் வீங்கிவிடும். கடை அவின் 5ஆம் திகதிச் செக் 12ஆம் திகதி பதிந்திருக்கிறது. கடை ஆவின் 12ஆம் திகதிச் செக்கில் 180,000 ரூபா 20ஆம் திகதிதான் பதிந்திருக்கிறது. ஒரு வரி பிந்துவது தவறுதல். ஒரு கடை பிந்தித் தேறும் அதே நாளில் இன்னொரு கடை பிந்தத் தொடங்குவது, அதுவும் ஒரே தொகையில், உருட்டலின் அடையாளம்.

மூன்றாவது சோதனைதான் ஆதாரத்தைத் தரும். வைப்புத் துண்டின் வங்கிப் பிரதியையும் செக்கின் படிமத்தையும் வங்கியிடமிருந்தே பெறுங்கள், அலுவலகக் கோப்பிலிருந்து எடுக்க வேண்டாம். மார்ச் 12 வைப்பில் ஒரே ஒரு செக், 240,000, எழுதியவர் கடை ஆ. பேரேட்டில் அதே வைப்புக்கு எதிராக இரண்டு கடைகளின் பெயர்கள். ஒரு கடையின் செக் இன்னொரு கடையின் கடனைத் தீர்க்க நியாயமான காரணம் இருக்கலாம், அண்ணன் தம்பிக் கடைகள் அப்படிச் செய்வதுண்டு. ஆகவே கேட்க வேண்டியவர் கடைக்காரர்.

நிலுவை உறுதிப்படுத்தல் கடிதம் அனுப்பினால் புறக்கோட்டைக் கடைகளில் பெரும்பாலும் பதில் வராது. நேரில் போங்கள், கடைக்காரருக்கு அவகாசமுள்ள காலை நேரத்தில். "பாக்கி இருக்கா?" என்று கேட்காதீர்கள், அது அவரைத் தற்காப்புக்குத் தள்ளும். "மார்ச் மாதத்தில எங்களுக்கு எப்ப எப்ப, எப்படிக் காசு குடுத்தீங்க?" என்று கேளுங்கள். அவருடைய குறிப்புப் புத்தகத்தில் 4ஆம் திகதி, கைக்காசு, செக்கைத் திருப்பி வாங்கியது என்று இருக்கும். அந்தப் பக்கத்தைப் படம் எடுக்க அனுமதி கேளுங்கள்.

கண்டபின் செய்யக் கூடாதவை

இந்த இடத்தில் எழுதுவினைஞரைக் கூப்பிட்டு விசாரிக்கும் ஆசை வரும். வேண்டாம். முதலில் பதிவேடு, பெட்டி, கணினிப் பதிவுகளின் பிரதி ஆகியவை பாதுகாப்பில் இருக்க வேண்டும். கணக்காய்வுக் குழுவுக்கு, அது இல்லாத கம்பனியில் முதலாளிக்கு, எழுத்தில் அறிவிக்க வேண்டும். விசாரணையை யார் நடத்துவது, பொலிஸுக்குப் போவதா என்பது அவர்கள் சட்ட ஆலோசனையோடு எடுக்கும் முடிவு. அதற்கு முன்னர் நாம் வாய் திறந்தால் அடுத்த நாள் கடை இயின் கணக்கு எங்கிருந்தோ வந்த காசால் தீர்ந்திருக்கும். அல்லது ஒரு கிரடிட் நோட்டால். பள்ளத்தை நிரந்தரமாக மூட மிக இலகுவான வழி பொருள் திரும்பியதாகக் கிரடிட் நோட் போடுவதும், அறவிட முடியாக் கடனென்று வெட்டுவதும்தான். அந்த இரண்டையும் யார் அனுமதிக்கிறார் என்று இதே நேரத்தில் பார்த்துவிடுங்கள். இவரே தயாரித்து வேறொருவர் பாராமல் கையெழுத்து வைத்தவை இருந்தால், மார்ச் மாதத்துக்கு முந்திய பள்ளங்களும் இருக்கலாம்.

முக்கோணம் கைகொடுக்காத இடங்களும் உண்டு. திருடவென்றே வேலைக்கு வந்தவனுக்கு அழுத்தமும் தேவையில்லை, நியாயமும் தேவையில்லை. அவனிடம் வாய்ப்பு என்ற ஒரு பக்கம் மட்டுமே வேலை செய்யும். பிரதிநிதியும் எழுதுவினைஞரும் சேர்ந்துகொண்டால் வேலைப் பிரிப்பே பயனற்றுப் போகும். உரிமையாளரோ உயர் முகாமையோ கட்டுப்பாட்டை மீறினால் இந்தச் சோதனைகள் எதுவும் போதாது, SLAuS 240 அந்த ஆபத்தை எல்லா நிறுவனங்களிலும் இருப்பதாகவே கொள்ளச் சொல்கிறது. ஒரே வாய்ப்பு இருந்தும் எல்லோராலும் அதைப் பயன்படுத்த முடியாது, அதற்கு அறிவும் துணிவும் வேண்டும் என்று வுல்ஃப், ஹெர்மன்சன் என்ற இருவர் 2004இல் நான்காவது பக்கமாகத் திறனைச் சேர்த்தார்கள். நமது எழுதுவினைஞரைப் போல மூன்று கணக்குகளை மனதில் வைத்து உருட்டுபவரைப் பார்க்கும்போது அதில் உண்மை தெரிகிறது. ஆனால் கெட்டிக்காரர் என்பதற்காக ஒருவரைச் சந்தேகப் பட்டியலில் போடக் கூடாது. லீவே எடுக்காதவர் விடயத்திலும் அப்படித்தான். அவர் வெறும் கடமையுணர்ச்சிக்காரராக இருக்கலாம்.

ஐந்தாம் படி: வாய்ப்பை மூடுதல்

பரிந்துரைகள் எல்லாம் வாய்ப்பின் பக்கத்துக்கே போக வேண்டும், ஏனென்றால் கம்பனியின் கையில் இருப்பது அது ஒன்றுதான். செக் பெட்டியைப் பேரேட்டைத் தொடாத ஒருவரிடம் கொடுங்கள், அல்லது வங்கியிடமே செக்குகளை முன்கூட்டி ஒப்படைக்க முடியுமா என்று கேளுங்கள். செக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்ற விதி, வரவு பதிந்த அதே கணத்தில் கடைக்காரரின் கைப்பேசிக்குத் தொகையோடு போகும் குறுஞ்செய்தி, வருடத்தில் தொடர்ச்சியாக ஒரு வாரமாவது கட்டாய லீவு, அந்த வாரத்தில் வேறொருவர் பதிவது. சிறிய அலுவலகத்தில் ஆள் போதாது என்பார்கள். அப்படியானால் குறுஞ்செய்தியை முதலில் கேளுங்கள், அதற்கு மேலதிக ஆள் தேவையில்லை. கடை அவின் முதலாளி 4ஆம் திகதி காசு கொடுத்தும் அன்று செய்தி வராவிட்டால் அவரே அழைப்பார்.

மூன்று மாதம் கழித்து அதே சூத்திரத்தைப் புதிய தரவில் மறுபடி ஓட்டி, நீடிப்பு என்று எழுதிய ஒவ்வொரு வரிக்கும் கடைக்காரரின் கையெழுத்திட்ட வேண்டுகோள் இருக்கிறதா என்று பாருங்கள்.